தொகையும் பெயரும் இடம் மாறினால்

> ‘Paid %s to %s’ என்பதைத் தமிழாக்கினால் பெயர் வரவேண்டிய இடத்தில் தொகை வருகிறது. பெயரோடு ‘க்கு’ ஒட்டவும் மாட்டேன் என்கிறது.

%s என்ற இடக்குறிகளுக்கு எண் கொடுங்கள்:

```
#, c-format
msgid "Paid %s to %s"
msgstr "பெறுபவர்: %2$s, தொகை: %1$s"
```

எண் இல்லாத %s, நிரல் அனுப்பும் வரிசையிலேயே நிரம்பும். ஆங்கிலத்தில் தொகை முதலில், தமிழில் பெயர் முதலில். அதனால்தான் இடம் மாறுகிறது.

‘க்கு’வை விட்டுவிடுங்கள். முருகன் முருகனுக்கு ஆவார், ராஜா ராஜாவுக்கு ஆவார். ஒரே விகுதியை எல்லாப் பெயரோடும் ஒட்ட முடியாது. ‘அவர்களுக்கு’ என்று போட்டால் மின்வாரியத்துக்குக் கட்டிய பணத்துக்குப் பொருந்தாது. ‘பெறுபவர்:’ என்ற தலைப்பு எல்லாருக்கும் சரி. இடம் போதாத திரையில் ‘தொகை:’ என்பதை எடுத்துவிடலாம், ரூபாய்க் குறியே போதும்.

மொழிபெயர்ப்புக் கோப்பைச் சரிபார்க்க `msgfmt -c ta.po` ஓட்டுங்கள். ஆனால் இரண்டும் %s என்பதால் இடம் மாறியதை அது கண்டுபிடிக்காது. 125000 ரூபாய்க்கு ஒரு பதிவு போட்டுக் கண்ணால் பாருங்கள். 1,25,000 வராமல் 125,000 வந்தால், கோளாறு மொழிபெயர்ப்பில் இல்லை. நிரல் இந்தியத் தமிழுக்கான ta_IN அமைப்பை எடுக்கவில்லை. காற்புள்ளியை மொழிபெயர்ப்பில் திருத்தப் பார்க்காதீர்கள். மலேசியா, சிங்கப்பூர்ப் பயனர்களுக்கு 125,000தான் சரி.

ஒரு எச்சரிக்கை: சி, பிஎச்பி இரண்டிலும் %2$s வேலை செய்யும். பைத்தானின் % வடிவமைப்பில் செய்யாது. அங்கே மூல வாக்கியத்திலேயே %(name)s என்று பெயரிட்ட இடக்குறி வேண்டும், அதை நிரலாளர்தான் மாற்றித்தர வேண்டும்.