மகள் வீட்டுக்கு வந்த நாளை எப்படிக் கொண்டாடுவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் மகளைத் தத்தெடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவளுக்கு நான்கு வயது. வரும் மாதம் ஓராண்டு நிறைகிறது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, கேக் வெட்டி விருந்து வைக்கலாம் என்கிறார் என் மாமியார். ஆனால் அந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவள் இரவில் படுக்கையை நனைக்கிறாள், பகலில் என் முந்தானையை விடுவதில்லை. கொண்டாடலாமா, வேண்டாமா?

ஒரு தாய், திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

கொண்டாடுங்கள், விருந்து மட்டும் வேண்டாம். குழந்தைகள் இல்லத்தில் கூடவே தூங்கிய தோழிகளையும் சோறூட்டிய ஆயாவையும் அவள் விட்டு வந்த நாளும் அதுதான். புதுத் துணி, கூடி நிற்கும் பெரியவர்கள், தன்னைப் பற்றிய பேச்சு என்று அன்றைக்கு எல்லாம் நடந்தது, அப்புறம் வீடே மாறிப்போனது. மறுபடியும் அதே ஏற்பாடுகளைப் பார்த்தால், எங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று அவள் பயப்படலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தத்து நிறுவனம் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது விதி. அதனால் சமூகப் பணியாளரும் இதே சமயத்தில்தான் வீட்டுக்கு வருவார். தேதியை முன்பே கேட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். "அந்த அக்கா நீ நல்லா இருக்கியான்னு பார்க்க வர்றாங்க. பார்த்துட்டு அவங்க மட்டும் கிளம்பிடுவாங்க" என்று மகளிடம் சொல்லி வையுங்கள்.

அந்த நாளில் வீட்டு ஆட்கள் மட்டும் போதும். இல்லத்தில் அவளுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டுச் சமையுங்கள், உப்புமாவாக இருந்தாலும் சரி. மாலையில் பாட்டியும் பேத்தியுமாக விளக்கேற்றட்டும், ஆயாவும் தோழிகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று சேர்ந்து வேண்டிக்கொள்ளட்டும். மாமியாருக்கு இது மனநிறைவைத் தரும் என்று நினைக்கிறேன். பிறகு ஆல்பத்தைத் திறந்து, இல்லத்துப் படங்களிலிருந்தே தொடங்குங்கள். கதையை அவள் சொல்லட்டும். "உன்னை நாங்கள்தான் காப்பாற்றினோம்" என்ற தொனி யாரிடமிருந்தும் வர வேண்டாம். நன்றிக்கடன் பட்டவளாக அவள் வளரக் கூடாது. அழுதால் சமாதானம் சொல்ல அவசரப்படாமல், "ஆயா ஞாபகம் வருதா கண்ணு?" என்று கேட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தை மூட நினைத்தால் மூடட்டும்.

தூங்கும் முன், நாளைக்கு யார் பள்ளிக்கூடத்தில் விடுவார், டப்பாவில் என்ன இருக்கும் என்று சொல்லுங்கள். நாளையும் இங்கேதான் என்பது அவளுக்கு அதிலிருந்து புரியும்.

படுக்கை நனைவதற்குத் திட்டாதீர்கள். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், நாள் முடிந்து சில வாரங்களாகியும் நிற்காவிட்டால், அவளை அழைத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.