பெருக்கினால் எட்டு வருகிறது, பிறகு ஏன் −2 விடையில்லை?

"சேர், நான் தலவாக்கலைப் பக்கம். ஏ/எல் கணிதப் பிரிவில் படிக்கிறேன். log₂ x + log₂ (x − 2) = 3 என்ற கணக்குக்கு 4, −2 என்று எனக்கு இரண்டு விடை வந்தது. வகுப்பில் −2ஐ வெட்டிவிட்டார்கள். (−2) × (−4) = 8, log₂ 8 = 3. சரியாகத்தானே வருகிறது? கல்குலேட்டரில் மறை எண்ணுக்கு log போட்டால் Math ERROR என்கிறது, பூச்சியத்துக்குப் போட்டாலும் அதேதான். (−2)³ = −8 என்று இருக்கும்போது −8க்கு மடக்கை இல்லை என்பது எப்படி?"

தங்கச்சி, உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. −2 உள்ளே நுழைந்தது அதற்கு ஒரு வரி முன்னால். அந்த வரியைப் பிறகு பார்ப்போம். முதலில் கல்குலேட்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

log₂ 8 என்று எழுதினால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: 2இன் சுட்டியாக எதைப் போட்டால் 8 வரும்? 3 போட்டால் வரும், அதனால் மடக்கை 3. அதேபோல log₂ 0 என்றால், 2இன் சுட்டியாக எதைப் போட்டால் பூச்சியம் வரும் என்ற கேள்வி. log₂ (−2) என்றால் எதைப் போட்டால் −2 வரும் என்ற கேள்வி. இரண்டுக்கும் பதிலாக ஒரு மெய்யெண்கூடக் கிடையாது. கல்குலேட்டருக்குத் தெரியாமல் இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை? அடுப்படியில் ஒரு ரொட்டி மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். அக்கா பாதியைப் பிய்த்துக்கொண்டு போகிறாள். அப்புறம் தம்பி வந்து, மிச்சத்தில் பாதி. அப்புறம் நீங்கள், அந்த மிச்சத்தில் பாதி. தட்டில் இருப்பது 1/2, 1/4, 1/8 என்று குறைகிறது. இவைதான் 2⁻¹, 2⁻², 2⁻³. பத்தாவது ஆள் எடுத்த பிறகு 1/1024 பங்கு இருக்கும். எத்தனை பேர் வந்தாலும் எடுப்பது இருப்பதில் பாதியைத்தான், ஆகவே இன்னொரு பாதி தட்டில் இருந்தே தீரும். நிஜ ரொட்டி என்றால் ஒரு கட்டத்தில் வெறும் தூளாகிவிடும். எண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தட்டு காலியாகவே ஆகாதபோது, அதற்கும் கீழே போய் மறையாவது எங்கே?

முழுவெண் சுட்டிக்கு இது சரி, 0.37 மாதிரி ஒரு சுட்டி வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அதற்கு ரொட்டி உதவாது, சுட்டி விதிகள் உதவும். y எந்த மெய்யெண்ணாக இருந்தாலும்

2ʸ × 2⁻ʸ = 2⁰ = 1

2ʸ பூச்சியமாக இருந்தால் இடப்பக்கம் முழுக்கப் பூச்சியமாகிவிடும், 1 வராது. ஆகவே 2ʸ ஒருநாளும் பூச்சியம் இல்லை. இனி y ஐ இரண்டு சம பாதியாகப் பிரியுங்கள்:

2ʸ = 2^(y/2) × 2^(y/2)

வலப்பக்கம் ஒரு மெய்யெண்ணின் வர்க்கம். மெய்யெண்ணின் வர்க்கம் மறையாகாது. பூச்சியமும் இல்லை, மறையும் இல்லை என்றால் மிஞ்சுவது நேர் எண் மட்டும்தான். சுட்டியில் நீங்கள் எதைப் போட்டாலும் வெளியே வருவது நேர் எண் என்பதால், மடக்கைக்குள் போகக்கூடியதும் நேர் எண் மட்டுமே. 2க்குப் பதில் 10ஓ e ஓ அடியாக இருந்தாலும் இந்த இரண்டு வரிகள் அப்படியே நிற்கும்.

"பூச்சியத்தின் மடக்கை மறை முடிவிலி என்று எழுதிக்கொள்" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். x பூச்சியத்தை நெருங்க நெருங்க log x அடிமட்டம் இல்லாமல் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது x நெருங்கும் வழியைப் பற்றிய பேச்சு, பூச்சியத்தில் நிற்கும் ஒரு பெறுமானம் அல்ல. log 0 என்று ஓர் எண் இருப்பதாகவே வைத்துப் பாருங்கள், அதை L என்போம். 0 = 0 × 5. மடக்கை விதிப்படி L = L + log 5. அப்படியானால் log 5 = 0. அப்படி வந்தால் 5உம் 1உம் ஒன்றாகிவிடும். ஒரே ஓர் எண்ணை வலிந்து நுழைத்ததற்கு மடக்கை முழுவதும் சரிந்துபோகிறது.

இனி உங்கள் (−2)³ = −8. அந்த வரி உண்மைதான், ஆனால் அதில் அடி −2 ஆகிவிட்டது. உங்கள் கணக்கில் அடி 2. சரி, −2ஐயே அடியாக வைத்தால் என்ன? முழுவெண் சுட்டிகளுக்கு −2, 4, −8, 16 என்று குறி மாறி மாறி ஓடும். அந்த வரிசையில் 8 இல்லை, 2 இல்லை. சரி, இடையிலுள்ள சுட்டிகளில் அவை கிடைக்குமா என்று தேடினால் (−2)^(1/2) வருகிறது. அது √(−2), மெய்யெண்ணே இல்லை. இன்னொரு தொல்லை: (−8)^(1/3) என்றால் கனமூலம், −2. 1/3ஐ 2/6 என்று எழுதினால், −8ஐ வர்க்கித்து 64, அதன் ஆறாம் மூலம் 2. ஒரே பின்னத்தை இரண்டு விதமாக எழுதியதற்கு இரண்டு விடை. இதனால்தான் மடக்கைக்கு அடி நேராக இருக்க வேண்டும், 1ஆக இருக்கக் கூடாது என்று முதல் பாடத்திலேயே எழுதித் தருகிறார்கள். அந்த வரியை நாம் யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1712, 1713 காலத்தில் லைப்னிட்சும் யொஹான் பெர்னூலியும் இதைப் பற்றிக் கடிதம் எழுதி வாதாடியிருக்கிறார்கள். −x இன் மடக்கையும் x இன் மடக்கையும் ஒன்றே என்பது பெர்னூலியின் கட்சி. லைப்னிட்சு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒய்லர்தான் சிக்கலெண்களுக்குள் போனால் −1க்கு மடக்கை உண்டு, ஒன்றல்ல, எண்ணற்றவை உண்டு, அவற்றில் ஒன்றுகூட மெய்யெண் அல்ல என்று காட்டினார். பூச்சியத்துக்கு அங்கேயும் மடக்கை கிடையாது.

இப்போது உங்கள் கணக்கு.

log₂ x + log₂ (x − 2) = 3

முதல் மடக்கைக்கு x > 0 வேண்டும். இரண்டாவதற்கு x > 2 வேண்டும். இரண்டும் சேர்ந்தால் x > 2. கணக்கைத் தொடங்கும் முன்பே இதை ஓரமாக எழுதிவிடுங்கள். அடுத்து நீங்கள் செய்தது

log₂ [x(x − 2)] = 3

−2 நுழைந்தது இந்த இடத்தில்தான். log a + log b = log ab என்ற விதி a, b இரண்டும் நேராக இருந்தால் மட்டுமே செல்லும். சேர்த்து எழுதிய பிறகு மடக்கை கேட்பது பெருக்கம் நேரா என்று மட்டும்தான். மறையை மறையால் பெருக்கினாலும் நேர் வரும். முதல் வரியில் இரண்டு கதவிலும் தனித்தனியாக ஆள் நின்று சோதித்தார்கள், இங்கே ஒரு கதவு, இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு வந்தால் விட்டுவிடுகிறது. அதனால் புதிய வரி x > 2ஐ மட்டுமல்ல, x < 0ஐயும் ஏற்கிறது. பிறகு

x² − 2x − 8 = 0
(x − 4)(x + 2) = 0

4ஐ முதல் வரியில் போடுங்கள்: log₂ 4 + log₂ 2 = 2 + 1 = 3. சரி. −2ஐப் போடுங்கள்: log₂ (−2) + log₂ (−4). கூட்டுவதற்கு இரண்டு எண்களே இல்லை. நீங்கள் சரிபார்த்தது இரண்டாவது வரியில். அந்த வரிக்கு −2 உண்மையாகவே விடைதான். கேள்வித்தாளில் இருப்பது முதல் வரி. விடைத்தாளில் "x > 2 ஆதலால் x = −2 பொருந்தாது" என்று காரணத்தோடு எழுதி நீக்குங்கள். வெறுமனே ஒரு கோடு போட்டு வெட்டினால் ஏன் வெட்டினீர்கள் என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

இதிலிருந்து "மறை வந்தால் வெட்டு" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். நான் படித்த காலத்தில் ஒரு ரியூசன் வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். தவணைப் பரீட்சையில் log₂ (1 − x) = 3 வந்தது. 1 − x = 8, x = −7. மறை வந்துவிட்டதே என்று வெட்டிவிட்டு "தீர்வு இல்லை" என்று அழகாக அடிக்கோடிட்டு வைத்தேன். முழுப் புள்ளியும் போனது. −7ஐ உள்ளே போட்டால் 1 + 7 = 8, log₂ 8 = 3. x மறையா நேரா என்பது பேச்சே இல்லை. Log அடைப்புக்குள் என்ன வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மடக்கையின் பெறுமானம் மறையாக வருவதும் இதோடு குழம்பும். lg 0.2 ஏறத்தாழ −0.6990. ஓ/எல்லில் அட்டவணை பார்த்து, 1க்கு மேலே கோடு போட்டு 1̅.3010 என்று எழுதினீர்களே, அதுவேதான்: −1 + 0.3010. உள்ளே 0.2 நேர் எண், வெளியே வந்தது மறை. அதில் ஒரு பிழையும் இல்லை.

கடைசியாக, இதே விதி எதிர்ப்பக்கமாகவும் கவிழ்க்கும். log₂ x² = 4 என்றால் x² = 16, x = 4 அல்லது −4. இரண்டுமே சரி, ஏனென்றால் உள்ளே இருப்பது x², அது இரண்டு தடவையும் 16தான். ஆனால் பழக்கதோஷத்தில் 2ஐ முன்னால் இழுத்து 2 log₂ x = 4 என்று எழுதினால் x = 4 மட்டும் கிடைக்கும், −4 சத்தமில்லாமல் தொலைந்துபோகும். அங்கே 2 log₂ |x| என்று எழுத வேண்டும். உங்கள் கணக்கில் இல்லாத விடை வந்து சேர்ந்தது, இதில் இருந்த விடை போய்விடுகிறது. சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் அடைப்புக்குள் இருப்பது நேர்தானா என்று பார்க்காமல் விட்டதுதான் இரண்டு இடத்திலும் காரணம்.