மாறுதல் அணியிலிருந்து நீண்ட காலப் பங்கு: 0 = 0 வருவது ஏன்?

கேள்வி: மூன்று பிராண்டுக்கு மாறுதல் நிகழ்தகவு அணி கொடுத்து, நீண்ட காலத்தில் ஒவ்வொன்றின் பங்கு என்ன என்று கேட்கிறார்கள். சமன்பாடு எழுதித் தீர்த்தால் ஒருமுறை 0 = 0 என்று நிற்கிறது, இன்னொரு முறை எல்லாமே 1/3 என்று வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

0 = 0 வந்தது தப்பே இல்லை. 1/3 வந்ததுதான் தப்பு. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

```
       A    B    C
A     0.8  0.1  0.1
B     0.2  0.7  0.1
C     0.1  0.3  0.6
```

இந்த வாரம் எதை வாங்கினார் என்பது நிரை, அடுத்த வாரம் எதை வாங்குவார் என்பது நிரல். ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் 1 வருகிறது. இதை முதலில் கூட்டிப் பார்த்துவிடுங்கள். சில புத்தகங்களில் நிரல்கள்தான் 1 ஆகும்படி எழுதியிருப்பார்கள். அங்கே எல்லாமே இடம் மாறிவிடும்.

நீண்ட காலப் பங்குகளை a, b, c என்று வைத்துக்கொள்வோம். சமநிலை என்றால் இந்த வாரப் பங்கும் அடுத்த வாரப் பங்கும் ஒன்றே. அடுத்த வாரம் A வாங்குகிறவர்கள் யார்? A-யிலேயே தங்கியவர்கள், B-யிலிருந்து வந்தவர்கள், C-யிலிருந்து வந்தவர்கள். அதாவது A என்ற நிரலை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும்.

```
a = 0.8a + 0.2b + 0.1c
b = 0.1a + 0.7b + 0.3c
c = 0.1a + 0.1b + 0.6c
```

நீங்கள் நிரையைப் படித்து a = 0.8a + 0.1b + 0.1c என்று எழுதியிருப்பீர்கள். நிரைகளின் கூடுதல் 1 என்பதால், a, b, c மூன்றும் சமமாக இருந்தாலே அந்தச் சமன்பாடுகள் சரியாகிவிடும். அணியில் எந்த எண் இருந்தாலும் இதே 1/3 தான் வரும். அதனால் எல்லாப் பங்கும் சமமாக வந்தால், விடையை நம்புவதற்கு முன் நிரல்களைக் கூட்டிப் பாருங்கள். அவையும் 1 ஆக இருந்தால் விடை சரி. இல்லையென்றால் நிரையைப் படித்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்த 0 = 0. மேலே உள்ள மூன்று சமன்பாடுகளையும் கூட்டினால் a + b + c = a + b + c என்றுதான் வரும். மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, புதிதாக எதுவும் சொல்வதில்லை. ஆகவே ஏதாவது ஒன்றைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் a + b + c = 1 என்று போடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த வரியைத்தான்.

முதல் சமன்பாட்டைச் சுருக்கினால் 2a = 2b + c. மூன்றாவது 4c = a + b. முதலாவதிலிருந்து c = 2a − 2b; அதை மூன்றாவதில் போட்டால் 7a = 9b. ஆக a : b : c = 9 : 7 : 4. கூடுதல் 20. எனவே பங்குகள் 0.45, 0.35, 0.20.

விடையைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி, போக்குவரத்தை எண்ணுவது. 100 பேர் என்றால் A-யிடம் 45 பேர். அதில் 20 விழுக்காடு, அதாவது 9 பேர், வாரம்தோறும் வெளியே போகிறார்கள். உள்ளே வருகிறவர்கள் B-யிலிருந்து 7, C-யிலிருந்து 2. அதுவும் 9. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. C-க்கும் இதே மாதிரி 8 போய் 8 வருகிறதா என்று பாருங்கள்.

சமன்பாடு வேண்டாம், வாரம் வாரமாகப் பெருக்கிப் பார்க்கிறேன் என்றால் அதுவும் சரிதான். ஆனால் அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. எல்லோரும் C-யில் தொடங்கினால் B-யின் பங்கு 0.30, 0.40, 0.42 என்று ஏறி, நான்காம் வாரம் 0.412 ஆகிறது. 0.4 பக்கத்தில் நின்றுவிட்டது போலத் தெரியும். உண்மையில் அங்கிருந்து மெல்ல இறங்கி 0.35-க்குத்தான் போகிறது. அதே நேரத்தில் A இன்னும் 0.338-லிருந்து ஏறிக்கொண்டிருக்கும். மூன்று பங்குகளும் அசையாமல் நிற்கும் வரை பெருக்குங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு நிலைகள் மட்டும் இருந்து, இன்று ஒன்றென்றால் நாளை கட்டாயம் மற்றது என்றிருந்தால், சமன்பாடு 1/2, 1/2 என்று தரும். ஆனால் பெருக்கிப் பார்த்தால் எந்த நாளிலும் அது நிலைக்காது, இங்கும் அங்குமாகத் தாவும். அங்கே 1/2 என்பது மொத்த நாட்களில் பாதி என்று பொருள். இன்னொன்று, இரண்டு பிராண்டுகளின் வாடிக்கையாளர்கள் அதைவிட்டு வெளியேறவே மாட்டார்கள் என்றால், அந்த இரண்டு நிரைகளிலும் தனக்கு 1, மற்றதெல்லாம் 0. அப்போது கூடுதல் 1 என்று சேர்த்தாலும் ஒரே விடை கிடைக்காது. தொடக்கத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்கள் அணியில் எல்லா எண்ணும் 0-க்கு மேல் இருந்தால் இந்த இரண்டு சிக்கலுமே வராது.