கேம் கன்ட்ரோலர் அதிரவில்லையா? கேள்வி பதில்

"அண்ணே, பாம்பன்ல இருந்து. டூயல்ஷாக் 4. இடது பக்கம் அதிரவே இல்லை, வலது பக்கம் அதிருது. புது மோட்டார் வாங்கட்டுமா?"

இப்போது வாங்க வேண்டாம் தம்பி. ஒரு பக்கம் அதிர்வதால் செட்டிங்ஸில் கோளாறு இல்லை. பின்பக்கம் 4 ஸ்க்ரூ, கழற்றுங்கள். மூடியை மெதுவாகப் பிரியுங்கள், உள்ளே ஒரு ரிப்பன் வயர் இரண்டு பாதியையும் இணைக்கிறது. அப்புறம் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். இதை மறந்துவிட்டுச் சால்டரிங் அயர்ன் வைத்தால் போர்டே போய்விடும்.

மோட்டாரின் ஒரு வயரை போர்டிலிருந்து எடுத்துவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் செல்லை இரண்டு வயரிலும் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. வயர் மாறினாலும் பயமில்லை, எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான்.

போன மாதம் மண்டபத்திலிருந்து இதே போல ஒன்று வந்தது. செல்லில் நன்றாகச் சுற்றியது. வயர் சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. ஜன்னலோரம் வைத்திருந்தார்களாம், உப்புக் காற்றின் வேலை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகச் சால்டர் வைத்தேன், சரியாகிவிட்டது.

செல்லிலும் சுற்றவில்லை என்றால் மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் எடையை விரலால் உருட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே துரு. உருட்டியும் விடவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். இடது மோட்டாருக்குப் பெரிய எடை, வலதுக்குச் சின்னது, கேட்டு வாங்குங்கள்.

"காக்கா, கீழக்கரை. அதிருது, ஆனா கடகடன்னு சத்தம்."

அணைத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஏதோ உள்ளே உருள்கிறது. அதிரும்போது மட்டும் என்றால் மோட்டார் தான் உட்காரும் குழியில் தளர்ந்திருக்கும். மோட்டார் உடலின் அடியில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டுங்கள், எடை சுற்றும் இடத்தில் படக்கூடாது. எடையே தண்டில் தளர்ந்திருந்தால் சூப்பர் க்ளூ விட வேண்டாம். அது தண்டுக்குள் இறங்கி மோட்டாரை அப்படியே பூட்டிவிடும்.

"9 வோல்ட் பேட்டரியில ஒரு தட்டுத் தட்டினா துருவில ஒட்டின மோட்டார் விட்டுரும். நான் நாலஞ்சு பண்ணிருக்கேன், எல்லாம் ஓடுது."

சில நேரம் விடும், உண்மைதான். ஆனால் அந்த மின்னழுத்தத்துக்குச் செய்த மோட்டார் இல்லை, பிரஷ் கருகும். விரலால் உருட்டினாலே விடுகிற துருவுக்கு 9 வோல்ட் எதற்கு?

"ஒரு வருஷமா ஓடுதேண்ணே!"

ஓடட்டும் தம்பி. அடுத்தவர் மோட்டாரில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

"தொண்டியில இருந்து. டூயல்சென்ஸ் கன்ட்ரோலர்லயும் செல் வெச்சுப் பார்க்கலாமா?"

வேண்டாம். அதில் சுற்றும் எடை கிடையாது, ஸ்பீக்கர் போல முன்பின் அசையும் கம்பிச்சுருள்தான். செல் வைத்தால் ஒரு 'டிக்' மட்டும்தான் வரும்.

"மோட்டார் வேலை செய்யல, என்ன பண்ண?"

பாம்பன் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்குங்கள்.

"எல்லாம் பார்த்துட்டேன். செல்லில் சுற்றுது, சால்டரும் புதுசு. ஆனா அதிரலை."

அப்படியானால் குறை போர்டில். நேரில் பார்க்காமல் எந்தப் பாகம் என்று சொல்ல முடியாது. கொண்டு வாருங்கள்.