லாரிக்காரர் போடும் இண்டிகேட்டர் அனுமதிச் சீட்டு அல்ல

கேள்வி: திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கு அடிக்கடி கார் ஓட்டிப் போகிறேன். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் முந்தலாம் என்று டிரைவிங் ஸ்கூலில் சொன்னார்கள். போன வாரம் அப்படி முந்தியபோது வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. அந்த சிக்னலை நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்த ஒரு விளக்குக்கு நம் சாலைகளில் மூன்று அர்த்தம் புழங்குகிறது. ஒரு டிரைவர் ‘போ’ என்று போடுவார். இன்னொருவர் ‘எதிரே வண்டி வருது, வராதே’ என்று போடுவார். மூன்றாமவர் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போகிறார். சட்டம் அறிந்தது இந்த மூன்றாவதை மட்டுமே. பின்னால் வருபவருக்கு வழிவிட, வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் ஆட்டுவது பழைய முறை. அந்தக் கை உள்ளே போய், அதன் வேலையை இண்டிகேட்டர் எடுத்துக்கொண்டதில்தான் இந்தக் குழப்பம் வந்தது என்பது என் எண்ணம். வலது விளக்கு எரிந்தால் முந்தக் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடது விளக்கு எரிந்தாலும் அதை அனுமதியாக எடுக்காதீர்கள். அவர் ஓரம் கட்டப் போகிறவராகவும் இருக்கலாம்.

உங்கள் ஸ்கூலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘டெஸ்ட் நாங்க பாத்துக்கறோம்’ என்று பணம் வாங்குகிறவர்கள் மைதானத்தில் நாலு சுற்று விட்டு, லைசென்ஸைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முந்துவதை ஒருநாள்கூட நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டுவதில்லை. டெஸ்டிலும் அதை யாரும் கேட்பதில்லை. அப்புறம் விபத்து நடந்தால் ‘அதிவேகம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

எவ்வளவு சாலை காலியாக இருந்தால் முந்தலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 80-ல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாரிக்குப் பின்னால் 20 மீட்டர், லாரியின் நீளம் 12, உங்கள் கார் 4, முன்னால் ஒதுங்க 20. ஆக, லாரியைவிட 56 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான் என்பதால் இதற்கு 10 நொடி ஆகும். அந்த 10 நொடியில் உங்கள் கார் 220 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-ல் வரும் பஸ்ஸும் அதே தூரம் வந்திருக்கும். கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால் அரை கிலோமீட்டர் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஒரு கல்லைக் கடக்கும்போது, அதற்கு அடுத்து வரும் மூன்றாவது கல் வரை சாலை காலியாகத் தெரியாவிட்டால் முந்தாதீர்கள். எந்த வளைவிலும் மேட்டிலும் இவ்வளவு தூரம் தெரியாது. நடுவில் தொடர்கோடு போடுவது அதற்காகத்தான். கோடு அழிந்து, வளைவுப் பலகையைக் கருவேலம் மூடியிருந்தால் அங்கே முந்தலாம் என்று அர்த்தமில்லை. துறை தூங்குகிறது என்று அர்த்தம்.

லாரியின் வாலை ஒட்டிப் போனால் அதன் பின்கதவுதான் தெரியும். பின்தங்கி வாருங்கள். லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரிந்தால்தான் டிரைவருக்கு நீங்கள் தெரிவீர்கள். சாலை காலி என்றால் உள்கண்ணாடியைப் பார்த்து, வலது இண்டிகேட்டர் போட்டு, மூன்று நொடி விட்டு, ஒரே ஒரு சின்ன ஹாரன் அடித்து வெளியே வாருங்கள். இரவில் ஹாரனுக்குப் பதில் ஹெட்லைட்டை ஒருமுறை டிம் டிப் செய்தால் போதும். லாரியின் முகம் முழுவதும் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு உள்ளே வாருங்கள். ‘ஹைவேக்கு இது வேணும் சார்’ என்று கடைக்காரர் மாட்டிவிடும் ஏர் ஹாரன் வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம். வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸை அது நிறுத்தவும் போவதில்லை.

இடப்பக்கமாக முந்தக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. முன்னால் போகும் வண்டி வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டு, சாலையின் நடுவுக்கு வந்துவிட்டால் அதன் இடப்பக்கமாகப் போகலாம். சிக்னல் மட்டும் போதாது, நடுவுக்கும் வந்திருக்க வேண்டும். சிக்னல் போட்டுவிட்டு இடது ஓரத்திலேயே ஊர்கிற டிராக்டரை எந்தப் பக்கமும் முந்தாதீர்கள். வத்தலக்குண்டுக்கு அருகே ஒருமுறை அப்படி ஒரு டிராக்டரின் வலது விளக்கை ‘போ’ என்று எடுத்துக்கொண்டு என் முன்னால் போன கார் வேகமெடுத்தது. டிராக்டர் தோப்புக்குள் திரும்பியது. கார் டிரெய்லரில் மோதியது. டிராக்டர்காரர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

முந்தும்போது பாதியில் எதிரே பஸ் தெரிந்தால், உங்கள் முன்பக்கம் லாரியின் நடுப்பகுதியைத் தாண்டாதவரை பிரேக் பிடித்துப் பழைய இடத்துக்கே திரும்புங்கள். அந்த இடத்தைப் பின்னால் வந்தவர் நிரப்பியிருக்கலாம். அதனால்தான் கிளம்புமுன் உள்கண்ணாடி.