சரிபார்க்க யார் இருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் ஜி.எஸ்.டி. அலுவலகத்தில் நானும் ஒரு சீனியரும் போக, ஆறு பேர் இந்த வருடம் பி.காம். முடித்து முதல் வேலைக்கு வந்தவர்கள். 40 கிளையண்ட். 'ஆச்சா?' என்றால் 'முடிஞ்சிடும் சார்' என்கிறார்கள். 20-ம் தேதி ராத்திரி பார்த்தால் பாதி தப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாதா?
- வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: பிள்ளைகளை விடுங்கள், உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஃபைலைச் சரிபார்க்க முக்கால் மணி நேரம் என்றால் 40-க்கு 30 மணி நேரம். சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வருவது 14-ல், வரி கட்டித் தாக்கல் செய்யும் 3பி-க்குக் கெடு 20. ஞாயிறு போக ஐந்து நாள். நீங்களும் சீனியரும் தினம் மூன்று மணி நேரம் ஒதுக்கினாலும் மொத்தமே 30 மணி. ஒரு ஃபைல் தப்பாகித் திரும்பினால்கூட இடமில்லை. உங்கள் அலுவலகத்தின் வேகம் அந்த ஆறு பேர் கையில் இல்லை, உங்கள் இருவர் கண்ணில் இருக்கிறது.

காலாண்டுத் தாக்கல் செய்யும் சின்னக் கிளையண்டுகள் பத்துப் பேராவது உங்களிடம் இருப்பார்கள். அவர்களைத் தனியே பிரியுங்கள். நம் ஊருக்கு அவர்களின் கெடு 22, அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. புதியவர்கள் கை பழக அந்த ஃபைல்கள்தான் தோது. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் அவர்கள் அடுத்த மாதம் 25-க்குள் கட்டும் வரியைச் சீனியர் பார்த்துக்கொள்ளட்டும்.

மீதி முப்பதுக்கும் கொள்முதல் பில் பதிவை 13-க்குள் முடித்துவிடுங்கள். 15 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஃபைல், மதியத்துக்குள் உங்கள் மேசைக்கு வரவேண்டும். ஆறு ஃபைலுக்கு நாலரை மணி நேரம். மிச்சமுள்ள ஒன்றரை மணி, திரும்பி வருகிறவற்றுக்கு.

'முடிந்தது' என்றால் என்ன என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றின் ஃபைல் என்று வையுங்கள். சப்ளையரின் பில்லில் '0113' என்று இருக்கும், நம் ஆள் '113' என்று ஏற்றியிருப்பார். அதைப் பார்த்துப் புதியவர் 'பில் 2பி-யில் இல்லை' என்று எழுதிவிடுவார். கல்லூரியில் இதை யார் சொல்லித் தந்தார்கள்? ஜிஎஸ்டி எண், தேதி, வரித்தொகை மூன்றும் பொருந்தினால் அது அதே பில்தான் என்று காட்டிக் கொடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-க்குள் போடாவிட்டால் பில் அடுத்த மாத 2பி-யில்தான் வரும் என்பதையும் சொல்லுங்கள். கணக்குப் புத்தகத்துக்கும் 2பி-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் எழுதிய பட்டியல் இருந்தால்தான் ஃபைல் முடிந்தது. நீங்களே முடித்த ஒரு ஃபைலை மாதிரிக்குக் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது.

அப்புறம், 'ஆச்சா?' என்று சாயங்காலம் கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு 'முடிஞ்சிடும் சார்' தவிர வேறு என்ன சொல்வார்கள், பாவம்! காலை பதினொன்றரைக்குப் பக்கத்தில் போய், 'எந்தப் பில் பொருந்தல, காட்டு' என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஒரே பில்லில் நின்றால் சீனியரிடம் வரவேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். வருகிறவர்களிடம் சீனியர் சிடுசிடுக்கக் கூடாது. அதற்கு நீங்கள் பொறுப்பு.