லேப்ரடார் காதில் பழுப்பு அழுக்கும் புளிச்ச வாடையும்: வீட்டில் எதுவரை சுத்தம் செய்யலாம்?

கேள்வி: தோட்டத்துக் காவலுக்கு மூணு வயசு லேப்ரடார் ஆண் நாய் வெச்சிருக்கேன், 28 கிலோ இருக்கும். மோட்டார் தொட்டியில தினமும் இறங்கிக் குளிக்கும். பத்து நாளா தலையைச் சிலுப்பிக்கிட்டே இருக்குது. இடது காதுல பழுப்பா பிசுபிசுன்னு அழுக்கு, புளிச்ச வாடை. தேங்காய் எண்ணெய் விட்டு பட்ஸால துடைச்சேன், குறையல. மாட்டு மடிநோய் டியூப்பைக் காதுல பிதுக்கச் சொல்றாங்க. விடலாமா? வீட்டுல எப்படிச் சுத்தம் பண்றது?
– விவசாயி, ராசிபுரம் வட்டாரம்

பதில்: மடிநோய் டியூப் வேண்டாம். அதில் இருப்பது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். நீங்கள் சொல்லும் நிறத்தையும் வாடையையும் பார்த்தால் ஈஸ்ட் என்னும் பூஞ்சைக் கிருமிதான் பெருகியிருக்க அதிக வாய்ப்பு. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. டியூப்பில் இருக்கும் எண்ணெய்ப் பசை உள்ளேயே தங்கிவிடும்; பிறகு போடுகிற சரியான மருந்தும் தோலில் படாது. எண்ணெய் விடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். இந்த ஈஸ்ட் கொழுப்புப் பசையில் செழிப்பது. எண்ணெய் காதின் ஈரத்தையும் வெளியேற விடாது.

நல்ல காது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும். வலது காது மடலைத் தூக்கிப் பாருங்கள். உள்தோல் வெளிர் ரோஸ் நிறத்தில், தொட்டால் சாதாரணச் சூட்டில், ஓரத்தில் துளி இளம்பழுப்புக் குரும்பியோடு இருந்தால் அது நோயில்லை. அதைத் தினம் துடைக்க வேண்டியதுமில்லை. இப்போது இடது காதை அதோடு ஒப்பிடுங்கள். தோல் சிவந்து தடித்திருக்கிறதா, மடல் சூடாக இருக்கிறதா, நாய் பின்னங்காலால் அந்தப் பக்கத்தையே சொறிகிறதா, தலையைத் தரையில் தேய்க்கிறதா? இவைதான் தொற்றின் முதல் அறிகுறிகள். கண்ணுக்கு அழுக்கு தெரிவதற்கு முன்பே மூக்குக்கு வாடை தெரிந்துவிடும். அதனால் வாரம் ஒரு தடவை மடலைத் தூக்கி முகர்ந்து பார்க்கிற பழக்கம் நல்லது.

வெளிவரும் அழுக்கின் தன்மை ஓரளவு காரணத்தைச் சொல்லும். பழுப்பாக, மெழுகு போல, புளித்த மாவு வாடையோடு இருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிந்து நாற்றம் குடலைப் புரட்டினால் பாக்டீரியா. காய்ந்த காப்பித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால் காதுச் சிற்றுண்ணி. இது குட்டிகளிடம் அதிகம். தோட்டத்தில் ஓடிவிட்டு வந்த நாய் திடீரென்று ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கடுமையாக உதறினால், உள்ளே ஊசிப்புல் விதையோ உண்ணியோ போயிருக்கலாம். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு கட்டுவது பாதி உண்மைதான். மருத்துவர் பஞ்சால் கொஞ்சம் அழுக்கெடுத்துக் கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். ஈஸ்ட் என்றால் இரட்டைப் பருப்பு நிலக்கடலைக் காய் போல, இடுப்பு சிறுத்த உருவங்கள் கூட்டமாகத் தெரியும். எந்த மருந்து என்பதை அந்தப் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும்.

பட்ஸ் ஏன் வேலைக்கு ஆகவில்லை என்பதற்குக் காரணம் காதின் அமைப்பு. நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேரானது. நாய்க்கு அது முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, பிறகு ‘ட’ எழுத்து மடங்குவது போலத் தலைக்குள் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் செவிப்பறை. பட்ஸை விட்டால் துப்பாக்கிக் குழலில் கெட்டிப்பது மாதிரி அழுக்கைத் திருப்பத்தில் அமுக்கி வைக்கிறீர்கள். பஞ்சில் ஒட்டி வருவது கொஞ்சம், உள்ளே போவது அதிகம். மேலே தொங்கும் மடல் மூடி போட்ட பாத்திரம் மாதிரி காற்றை விடாது. தொட்டித் தண்ணீர் உள்ளே நின்றால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து ஈஸ்ட்டுக்கு ஊறவைத்த மாவாகிவிடுகிறது.

கழுவுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். காதின் அடிப்பகுதியை, தாடை எலும்பு முடியும் இடத்துக்கு மேலே, இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். நாய் கத்தினால், கடிக்கத் திரும்பினால் வீட்டில் ஒரு சொட்டும் விட வேண்டாம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, தள்ளாடி நடப்பது, கருவிழி இடமும் வலமும் துடிப்பது, கூப்பிட்டால் கேட்காதது, காதிலிருந்து ரத்தமோ சீழோ வருவது, ஈ மொய்த்துப் புழு நெளிவது, இதில் எது இருந்தாலும் அதே நாள் மருத்துவரிடம் போங்கள். தொற்று நடுக்காதுக்குப் போயிருக்கலாம், செவிப்பறை கிழிந்திருக்கலாம். கிழிந்த செவிப்பறை வழியாக உள்ளே போகும் சில மருந்துகள், ஜென்டமைசின் கலந்த சொட்டு மருந்து உட்பட, கேட்கும் திறனையே கெடுத்துவிடும். மனிதர் காதுக்கு வாங்கி மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடக்கூடாது என்பதும் இதனால்தான்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் அழுக்கும் வாடையும் மட்டும் இருந்தால் மெதுவாகக் கழுவலாம். ஆனால் பத்து நாளாக நீடிப்பதால் நீங்கள் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவதே சரி. போவதற்கு முந்தைய நாள் காதைத் துடைக்காதீர்கள். பார்க்க வேண்டிய அழுக்கை நாமே எடுத்துவிட்டால் தகட்டில் ஒன்றும் தெரியாது.

கால்நடை மருந்துக் கடையில் நாய்களுக்கான காது கழுவும் திரவம் என்று கேளுங்கள். சாலிசிலிக் அமிலமோ லாக்டிக் அமிலமோ சேர்ந்தது மெழுகைக் கரைத்துக் காதைச் சீக்கிரம் உலரவும் வைக்கும். அது கிடைக்காத நாளில் மருந்துக் கடையின் நார்மல் சலைன் கெடுதல் செய்யாது. ஆனால் மெழுகைக் கரைக்காது, ஈரமும் நிற்கும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர், எலுமிச்சைச் சாறு எல்லாம் புண்ணான தோலை எரிக்கும். ஒரு தடவை எரிந்தால் போதும், அந்த நாய் பிறகு காதைத் தொடவே விடாது. மஞ்சள் தூள் உள்ளே போய்ச் சேறாக இறுகும்.

புட்டியை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். சில்லென்ற திரவம் உள்காதில் பட்டால் நாய்க்குத் தலை சுற்றும். நாயைச் சுவர் மூலையில் உட்கார வைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். எவ்வளவு சாதுவாக இருந்தாலும் வாய்க்கு மென்மையான துணிக்கட்டு போடுங்கள். மூச்சு வாங்கினால் அவிழ்த்துவிடுங்கள். மடலை மேலே தூக்கிச் சற்று வெளிப்பக்கம் இழுத்தால் செங்குத்துக் குழாய் நேராகும். புட்டியின் மூக்கைக் காதுக்குள் செருகாமல், துளைக்கு மேலே வைத்து ஊற்றுங்கள். உங்கள் நாய் அளவுக்கு ஏறக்குறைய 5 மி.லி. தேவைப்படும். திரவம் துளையின் விளிம்பில் பளபளவென்று நிற்பதுதான் சரியான அளவு. இரண்டு சொட்டு விட்டால் அது திருப்பத்தைத் தாண்டாது; கழுவியதாகவே ஆகாது.

உடனே மடலை இறக்கிவிட்டு, காதின் அடியில் கெட்டியான குழாய் போலத் தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் வட்டமாகப் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் திரவம் போதவில்லை, அல்லது இடம் தவறிவிட்டது. பிறகு விட்டுவிலகுங்கள், நாய் தலையை உதறட்டும். அந்த உதறல்தான் ஆழத்திலிருக்கும் அழுக்கை மேலே கொண்டுவருகிறது. அதற்கு முன்பு துடைத்தால் பாதி வேலை வீண். பஞ்சையோ காஸ் துணியையோ ஆள்காட்டி விரலில் சுற்றி, விரல் தானாக எங்கே நிற்கிறதோ அதுவரை மட்டும் துடைத்தெடுங்கள். மடலின் மடிப்புகளையும் துடையுங்கள். பஞ்சில் அழுக்கு அதிகம் வந்தால் இன்னொரு தடவை ஊற்றலாம். அதற்கு மேல் தேய்த்தால் தோல் புண்ணாகும். கழுவும்போது நாய் அடிக்கடி விழுங்கினாலோ குமட்டினாலோ நிறுத்துங்கள். திரவம் செவிப்பறை ஓட்டை வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது என்று பொருள்.

மருத்துவர் சொட்டு மருந்து தந்திருந்தால், கழுவிப் பத்துப் பதினைந்து நிமிடம் உலரவிட்டுப் பிறகு விடுங்கள். ஈரத்தோடு விட்டால் மருந்து நீர்த்துப் போகும். வாடை சில நாளிலேயே குறைந்துவிடலாம். அதை நம்பி நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் திரும்ப வருகிறார்கள். சொன்ன நாள் முழுக்கப் போட்டு, முடிவில் மறுபடி தகட்டில் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்பதையும் அவரே சொல்வார். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினம் கழுவினால் காதுத்தோல் நீரில் ஊறிய கை போல வெளுத்து நைந்துவிடும், அதுவே தொற்றுக்கு வழி.

மருந்து முடியும்வரை தொட்டிக் குளியல் கூடாது. பிறகு குளித்தாலும் கரையேறியதும் மடலின் உட்புறத்தைக் காய்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். காதில் உண்ணி இருந்தால் தோலோடு ஒட்டிச் சிறு இடுக்கியால் நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெயும் பினாயிலும் கூடாது. சிலுப்பலில் மடல் திடீரென்று பூரி போல உப்பினால், உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கிறது. ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். அதையும் மருத்துவரே வடிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் மறுபடி வந்தால், அல்லது இரண்டு காதும் சேர்ந்து கெட்டு நாய் பாதங்களையும் நக்கிக்கொண்டே இருந்தால், காரணம் தண்ணீர் மட்டுமல்ல, பெரும்பாலும் ஒவ்வாமை. லேப்ரடாருக்கு இது சகஜம். அப்போது காதை மட்டும் கழுவிக்கொண்டிருப்பது ஓட்டுக் கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. உணவு மாற்றிப் பார்ப்பது, தோலுக்கான சிகிச்சை என்று போக வேண்டியிருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தகட்டுப் பரிசோதனைக்கு அங்கே போகலாம். போகும்போது எண்ணெய் எத்தனை நாள் விட்டீர்கள், கடைசியாக எப்போது விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.